காலனிகளை எண்ணிய பிறகு

பாக்டீரியாவுக்குள் புதிய மரபணு ஒன்றை ஏற்றும் ஆய்வகச் சோதனை ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். தட்டுகளை இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டுப் போனால் மறுநாள் விடை கண்ணெதிரே இருக்கும். மாணவர்கள் தடுமாறுவது அதற்குப் பிறகுதான். அறிக்கையில் 'முடிவுகள்' என்று தலைப்புப் போட்டதும், சிலர் அடுத்த வரியிலேயே 'சோதனை வெற்றி பெற்றது' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் மரபணு எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். தட்டில் எத்தனை காலனி இருந்தது என்பது அந்த இரண்டு பக்கத்தில் எங்கும் இருக்காது. கடைசியில் உருமாற்றத் திறன் என்று ஓர் எண் நிற்கும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சூத்திரத்தைக் காட்டுவார்கள்.

அந்தச் சூத்திரம் ஒரே ஒரு வகுத்தல்தான். கணக்கில் யாரும் தவறுவதில்லை. எதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது. அதைப் பார்க்க, சோதனையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பள்ளிகளின் ஏபி உயிரியல் பாடத்தில் பாக்டீரிய உருமாற்றம் ஓர் ஆய்வகப் பயிற்சி. அதற்குப் பரவலாகப் பயன்படும் தொகுப்பு பயோ-ராட் நிறுவனத்தின் பி-குளோ. ஆய்வகத்தில் வளர்க்கும் தீங்கற்ற ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் பி-குளோ என்ற பிளாஸ்மிடை ஏற்றுவதுதான் வேலை. பிளாஸ்மிட் என்பது வட்டமான சிறு டிஎன்ஏ. பி-குளோவின் நீளம் 5,371 கார இணைகள். அதில் நமக்கு முக்கியமானவை மூன்று மரபணுக்கள். ஒன்று, ஆம்பிசிலின் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தருவது. இன்னொன்று, ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர் புரதத்துக்கானது. மூன்றாவது, அந்த ஒளிர் புரதத்தின் உற்பத்தியைத் தடுத்துவைத்திருக்கும் மரபணு. அராபினோஸ் என்ற சர்க்கரை கிடைத்தால்தான் அந்தத் தடை விலகும்.

இரண்டு சிறு குழாய்களில் 250 மைக்ரோலிட்டர் கால்சியம் குளோரைடு கரைசல் எடுத்து, ஒவ்வொன்றிலும் பாக்டீரியாவைக் கலக்குகிறோம். ஒரு குழாயில் மட்டும் 10 மைக்ரோலிட்டர் பிளாஸ்மிட் கரைசல் சேர்க்கிறோம். இரண்டும் பனிக்கட்டியில் 10 நிமிடம் இருக்கும். பிறகு 42 டிகிரி வெந்நீரில் 50 விநாடி, மறுபடி பனிக்கட்டியில் 2 நிமிடம். அதன்பின் 250 மைக்ரோலிட்டர் எல்பி ஊட்டக் கரைசல் ஊற்றி, பாக்டீரியா தேறிக்கொள்ள 10 நிமிடம் விடுகிறோம். கால்சியம் கரைசலில் வைத்த ஈ. கோலை வெளி டிஎன்ஏவை ஏற்றுக்கொள்ளும் என்று மாண்டலும் ஹிகாவும் 1970இல் காட்டினார்கள். இன்றைய பள்ளிச் சோதனையின் அடித்தளம் அதுதான்.

கடைசியில் ஒவ்வொரு தட்டிலும் 100 மைக்ரோலிட்டர் பரப்புகிறோம். பிளாஸ்மிட் சேர்த்த குழாயிலிருந்து இரண்டு தட்டுகள்: ஒன்றில் ஆம்பிசிலின், மற்றதில் ஆம்பிசிலினும் அராபினோஸும். பிளாஸ்மிட் சேர்க்காத குழாயிலிருந்தும் இரண்டு: ஒன்றில் ஆம்பிசிலின், மற்றது எந்த மருந்தும் இல்லாத சாதாரண எல்பி தட்டு. 37 டிகிரியில் ஒரு நாள் வைத்து எடுத்தால் அறிக்கைக்கான பொருள் அத்தனையும் இந்த நான்கு தட்டுகளில் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குழுவின் தட்டுகளில் கண்டது கீழே இருப்பது போன்றது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கை விளக்க நான் எடுத்துக்கொண்டவை.

அட்டவணை 1. 37 டிகிரியில் 24 மணி நேரத்துக்குப் பின் நான்கு தட்டுகளில் கண்ட வளர்ச்சி

| தட்டு | பிளாஸ்மிட் | காலனிகள் | புற ஊதா ஒளியில் |
|---|---|---|---|
| ஆம்பிசிலின் | உண்டு | 132 | ஒளிரவில்லை |
| ஆம்பிசிலின், அராபினோஸ் | உண்டு | 118 | அனைத்தும் பச்சை |
| ஆம்பிசிலின் | இல்லை | 0 | காலனி இல்லை |
| சாதாரண எல்பி | இல்லை | தட்டு முழுதும் மூடிய வளர்ச்சி | ஒளிரவில்லை |

அட்டவணையின் தலைப்பு அட்டவணைக்கு மேலே வர வேண்டும். படத்தின் விளக்கம் படத்துக்குக் கீழே. இது வழக்கம், அவ்வளவுதான். ஆனால் தலைப்பில் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று சொல்லியிருப்பது வெறும் வழக்கமல்ல. 24 மணி நேரத்தில் 132 ஆக இருந்த எண்ணிக்கை 48 மணி நேரத்தில் வேறாகத் தெரியலாம். ஏன் என்று கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம். மூன்றாவது தட்டுக்கு நேரே '0' என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். பல அறிக்கைகளில் அந்தக் கட்டம் வெறுமையாகவோ ஒரு கோடு போட்டோ இருக்கும். வெறுமையான கட்டத்தைப் பார்ப்பவர், எண்ண மறந்துவிட்டார்கள் என்றும் நினைக்கலாம், தட்டே போடவில்லை என்றும் நினைக்கலாம். எண்ணினோம், ஒன்றும் இல்லை என்பதைச் சுழியம் மட்டுமே சொல்லும். நான்காவது தட்டுக்கு எண்ணே கிடையாது. அங்கே காலனிகள் ஒன்றோடொன்று கலந்து படலமாகிவிட்டதால் அதைச் சொல்லால் எழுத வேண்டும். 'ஆயிரத்துக்கு மேல்' என்று கற்பனை எண் போடக் கூடாது.

அட்டவணை இருந்தால் மட்டும் போதாது. படிப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஒரு பத்தி அதனுடன் வர வேண்டும். அது இப்படி இருக்கலாம்:

'பிளாஸ்மிட் சேர்க்காத குழாயிலிருந்து பரப்பிய சாதாரண எல்பி தட்டில் பாக்டீரியா தட்டு முழுவதையும் மூடி வளர்ந்திருந்தது. அதே குழாயிலிருந்து பரப்பிய ஆம்பிசிலின் தட்டில் காலனி எதுவும் இல்லை (அட்டவணை 1). பிளாஸ்மிட் சேர்த்த குழாயிலிருந்து பரப்பிய ஆம்பிசிலின் தட்டில் 132 காலனிகளும், ஆம்பிசிலினும் அராபினோஸும் உள்ள தட்டில் 118 காலனிகளும் இருந்தன. புற ஊதா ஒளியில், அராபினோஸ் உள்ள தட்டின் காலனிகள் அனைத்தும் பச்சையாக ஒளிர்ந்தன. அராபினோஸ் இல்லாத தட்டில் ஒன்றும் ஒளிரவில்லை.'

இந்தப் பத்தியில் 'ஏனெனில்' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. அராபினோஸ் தடையை விலக்கியதால் ஒளிர்ந்தது, ஆம்பிசிலின் கொன்றுவிட்டதால் வளரவில்லை என்ற விளக்கமெல்லாம் அடுத்து வரும் 'விவாதம்' பகுதிக்கு உரியவை. இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். ஒருவேளை மூன்றாவது தட்டிலும் சில காலனிகள் வந்திருந்தால்? ஆம்பிசிலின் பழையதாகி வலுவிழந்திருக்கலாம், சூடான அகரில் கலந்ததால் சிதைந்திருக்கலாம், குழாய்கள் மாறிப்போயிருக்கலாம். கண்டதைத் தனியாகவும் காரணத்தைத் தனியாகவும் எழுதியவரின் அறிக்கையில், காரணம் தவறாகப் போனாலும் கண்டது அப்படியே நிற்கும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தவரின் அறிக்கையில், விளக்கம் விழும்போது தரவும் சேர்ந்து விழுந்துவிடுகிறது. 'பிளாஸ்மிட் ஏறாததால் மூன்றாவது தட்டில் வளர்ச்சி இல்லை' என்ற வரியிலிருந்து, அவர் தட்டைப் பார்த்து எழுதினாரா, பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாரா என்றே கண்டுபிடிக்க முடியாது.

இனி அந்த 132க்கு வருவோம். அது எப்படிக் கிடைத்தது?

தட்டைத் திறக்காமல் கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்கத்தில் மார்க்கரால் இரண்டு கோடு போட்டு நான்கு பாகமாகப் பிரிப்பது நல்லது. ஒவ்வொரு காலனியின் மேலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே எண்ணினால் ஒன்றையே இரண்டு முறை எண்ண மாட்டோம். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காலனிகளை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவுசெய்து, எல்லாத் தட்டுகளுக்கும் அதையே பின்பற்ற வேண்டும். இடையில் விதியை மாற்றினால், நமக்குப் பிடித்த எண்ணை நோக்கிக் கை தானாகவே போகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் துணைக் காலனிகள். தட்டு அதிக நேரம் இன்குபேட்டரில் இருந்துவிட்டால், பெரிய காலனி ஒன்றைச் சுற்றி ஊசிமுனை அளவில் பொடிப்பொடியாகச் சில காலனிகள் வளையம்போல் தோன்றும். பெரிய காலனியில் உள்ள பாக்டீரியா ஆம்பிசிலினைச் சிதைக்கும் நொதியைத் தயாரிக்கிறது. அந்த நொதி கசிந்து, காலனியைச் சுற்றியுள்ள அகரில் இருக்கும் ஆம்பிசிலினையும் தீர்த்துவிடுகிறது. மருந்து இல்லாமல் போன அந்த வளையத்தில், பிளாஸ்மிட் ஏறாமலேயே உயிர் தப்பிய பாக்டீரியா வளரத் தொடங்கும். அவை உருமாறியவை அல்ல. அவற்றை எண்ணினால் திறன் பொய்யாக உயரும். 24 மணி நேரம், 48 மணி நேரம் என்பதன் வேறுபாடு இங்கேதான் வருகிறது.

எப்படிப் பிரித்தறிவது? அளவும் இடமும் முதல் அடையாளம்: சிறியவை, பெரிய ஒன்றை ஒட்டியே இருப்பவை. பி-குளோ சோதனையில் இன்னொரு அடையாளமும் கிடைக்கிறது. அராபினோஸ் தட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தால் பெரிய காலனி பச்சையாக ஒளிரும். சுற்றியுள்ள துணைக் காலனிகளில் பிளாஸ்மிட் இல்லாததால் ஒளி இருக்காது. சந்தேகம் தீரவில்லை என்றால், அந்தச் சிறு காலனியைக் குச்சியில் தொட்டுப் புது ஆம்பிசிலின் தட்டில் இழுத்துவிட்டால் போதும். துணைக் காலனி அங்கே வளராது. முடிவுகள் பகுதியில் இதற்கு ஒரே வரி போதுமானது: 'பெரிய காலனிகளை ஒட்டி வளர்ந்த நுண்காலனிகள் எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை.' இந்த ஒரு வரி இல்லாவிட்டால், வேறொருவர் அதே தட்டின் படத்தைப் பார்த்து வேறொரு எண்ணுக்கு வந்து நிற்பார்.

எண்ணிக்கை உறுதியானதும் உருமாற்றத் திறன். அதன் பொருள்: ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏ கொடுத்தால் உருமாறிய பாக்டீரியா எத்தனை கிடைக்கும் என்பது. ஒவ்வொரு காலனியும் உருமாறிய ஒரு பாக்டீரியாவிலிருந்து வளர்ந்தது என்று கொள்கிறோம். எனவே,

உருமாற்றத் திறன் = தட்டில் எண்ணிய காலனிகள் ÷ அந்தத் தட்டில் பரப்பிய டிஎன்ஏ (மைக்ரோகிராமில்)

'அந்தத் தட்டில் பரப்பிய' என்ற சொற்கள்தான் இதில் உயிர். குழாயில் போட்ட டிஎன்ஏ வேறு, தட்டுக்கு வந்த டிஎன்ஏ வேறு. ஒரு பானைச் சோற்றில் ஒரு கரண்டி மட்டும் எடுத்து அதிலிருந்த கல்லை எண்ணிவிட்டு, பானை முழுக்க இருந்த அரிசியின் எடையால் அதை வகுத்தால் கிடைப்பது எதற்கும் உதவாத எண்.

முதலில் குழாயில் போன டிஎன்ஏவைக் காண்போம். பி-குளோ கரைசலின் அடர்த்தி மைக்ரோலிட்டருக்கு 0.08 மைக்ரோகிராம். சேர்த்தது 10 மைக்ரோலிட்டர். எனவே குழாயில் இருந்தது 0.8 மைக்ரோகிராம்.

அடுத்து, குழாயில் இருந்த திரவம் எவ்வளவு? கால்சியம் குளோரைடு 250, பிளாஸ்மிட் கரைசல் 10, எல்பி 250; கூட்டினால் 510 மைக்ரோலிட்டர். இதில் தட்டுக்குப் போனது 100. அதாவது 100 ÷ 510 = 0.196, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதே விகிதத்தில்தான் டிஎன்ஏவும் தட்டுக்குப் போயிருக்கும்: 0.8 × 0.196 = 0.157 மைக்ரோகிராம்.

இப்போது வகுக்கலாம். ஆம்பிசிலின் தட்டில் 132 ÷ 0.157 = சுமார் 840. பத்தின் அடுக்கில் எழுதினால், மைக்ரோகிராமுக்கு 8.4 × 10² உருமாறிய பாக்டீரியா. அராபினோஸ் தட்டில் 118 ÷ 0.157 = சுமார் 750, அதாவது 7.5 × 10².

பங்கைக் கணக்கில் எடுக்காமல் 132ஐ நேரடியாக 0.8ஆல் வகுத்தவருக்கு 165 கிடைக்கும். உண்மையான விடையில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தத் தவறு அறிக்கையில் வெளியே தெரிவதில்லை. 165 என்பதும் நம்பக்கூடிய எண்ணாகவே தோன்றும். அதனால்தான் இடைப்பட்ட படிகளை எழுதிக் காட்டச் சொல்கிறார்கள். திருத்துபவர் 0.157 என்ற எண்ணை அறிக்கையில் தேடுவார். அது இருந்தால் மீதிக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். இன்னொரு தவறு அலகில் வருவது. அடர்த்தி நானோகிராமில் கொடுத்திருந்தால் 0.157 மைக்ரோகிராம் என்பது 157 நானோகிராம் ஆகிவிடும். 132ஐ 157ஆல் வகுத்து, விடைக்குப் பக்கத்தில் 'மைக்ரோகிராமுக்கு' என்று எழுதினால் விடை ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். ஒரு மைக்ரோகிராமுக்கு 0.84 பாக்டீரியா என்று வந்திருந்தால், 0.157 மைக்ரோகிராம் போட்ட தட்டில் ஒரு காலனிகூட வந்திருக்க நியாயமில்லை. தட்டில் நூற்றுக்கு மேல் இருக்கும்போது இது அபத்தம் என்று உடனே தெரிந்துவிட வேண்டும். இப்படி விடையைத் தட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எந்தச் சூத்திரத்தையும் விட நம்பகமான காவல்.

கால்குலேட்டரில் 132 ÷ 0.156863 போட்டால் 841.498 என்று வரும். அதை அப்படியே அறிக்கையில் எழுதுவது தவறு. காலனி எண்ணிக்கையில் இயல்பாகவே ஏற்ற இறக்கம் உண்டு. அதே குழாயிலிருந்து மறுபடி 100 மைக்ரோலிட்டர் எடுத்துப் பரப்பினால் 132 வராது. 125 வரலாம், 140 வரலாம். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூலம். 132க்கு அது 11 அல்லது 12. இதோடு பிப்பெட்டின் பிழையும், தொகுப்போடு வந்த அடர்த்தி மதிப்பின் பிழையும் சேரும். இரண்டாவது இலக்கமே ஆடிக்கொண்டிருக்கும்போது ஆறு இலக்கம் எழுதுவது, நம்மிடம் இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொல்வது. 8.4 × 10² என்று இரண்டு இலக்கத்தோடு நிறுத்துவதே சரி.

இதே வர்க்கமூலம் இன்னொரு தவறான முடிவிலிருந்தும் காப்பாற்றும். அராபினோஸ் இல்லாத தட்டில் 132, உள்ள தட்டில் 118. 'அராபினோஸ் சேர்த்ததால் காலனிகள் குறைந்தன' என்று எழுதக் கை துடிக்கும். பச்சைப் புரதத்தைத் தயாரிப்பதில் பாக்டீரியாவின் ஆற்றல் வீணாகிறது என்று அழகான காரணமும் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 14. தற்செயலாகவே எதிர்பார்க்கக்கூடிய வித்தியாசம், இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், சுமார் 16. வித்தியாசம் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே முடிவுகள் பகுதியில் எழுத வேண்டியது, இரண்டு தட்டுகளிலும் காலனி எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே என்பதுதான். இரண்டையும் சேர்த்து ஒரே திறன் சொல்லலாம்: மொத்தம் 250 காலனிகள், மொத்தம் 0.314 மைக்ரோகிராம் டிஎன்ஏ, மைக்ரோகிராமுக்கு 8.0 × 10².

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த இரண்டு தட்டுகளும் ஒரே குழாயிலிருந்து வந்தவை. அந்தக் குழாயை வெந்நீரில் 50 விநாடிக்குப் பதில் 70 விநாடி வைத்திருந்தால் இரண்டு தட்டுகளும் சேர்ந்தே பாதிக்கப்பட்டிருக்கும். எனவே இதை இரண்டு முறை செய்த சோதனை என்று எழுத முடியாது; ஒரு சோதனை, இரண்டு தட்டு. வகுப்பில் எட்டுக் குழுக்கள் தனித்தனிக் குழாயில் செய்திருந்தால், அந்த எட்டுத் திறன்களின் சராசரியும் பரவலும்தான் சோதனை எவ்வளவு நிலையாக நடக்கிறது என்பதைக் காட்டும். வகுப்புத் தரவு கிடைக்கும்போது தன் குழுவின் எண்ணை மட்டும் எழுதி நிறுத்துவது பெரிய இழப்பு.

எல்லாக் குழுக்களுக்கும் எண்ணத்தக்க காலனிகள் கிடைத்துவிடுவதில்லை. சில தட்டுகளில் ஒன்றுமே இருக்காது. அப்போது திறன் சுழியம் என்று எழுதிவிடுகிறார்கள். 0.157 மைக்ரோகிராம் போட்டு ஒரு காலனிகூட வரவில்லை என்பதிலிருந்து நமக்குத் தெரிவது, திறன் மிகக் குறைவு என்பது மட்டுமே. ஒரே ஒரு காலனி வந்திருந்தால் திறன் 1 ÷ 0.157, அதாவது சுமார் 6. ஆகவே 'காலனி எதுவும் காணப்படவில்லை. இந்தச் சோதனையால் அறியக்கூடிய மிகக் குறைந்த அளவு மைக்ரோகிராமுக்குச் சுமார் 6' என்பதே நேர்மையான வரி. இத்தகைய தட்டை வைத்திருக்கும் மாணவருக்கு நான்காவது தட்டு மிக முக்கியம். அங்கே பாக்டீரியா தட்டை மூடி வளர்ந்திருந்தால், கால்சியமும் வெந்நீரும் பாக்டீரியாவைக் கொன்றுவிடவில்லை என்று தெரிகிறது. சிக்கல் டிஎன்ஏவிலோ, அது உள்ளே ஏறிய விதத்திலோதான். நான்காவது தட்டும் வெறுமையாக இருந்தால் தேட வேண்டிய இடமே வேறு.

எதிர்ப்பக்கத்தில், காலனிகள் நெருக்கியடித்து எண்ண முடியாமல் போகும் தட்டுகளும் உண்டு. ஒரு தட்டில் 30 முதல் 300 வரை இருந்தால்தான் எண்ணிக்கையை நம்பலாம் என்பது நுண்ணுயிரியலில் பொது வழக்கம். 300ஐத் தாண்டிவிட்டால் 'எண்ண இயலாத அளவு' என்று எழுதி, திறன் 300 ÷ 0.157, அதாவது 1.9 × 10³ என்பதைவிட அதிகம் என்று சொல்லலாம். பரப்பும் முன்பே கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து இன்னொரு தட்டும் போட்டிருந்தால் சரியான எண்ணே கிடைத்திருக்கும். அந்தத் தட்டில் பரப்பிய டிஎன்ஏவும் பத்தில் ஒன்றாகக் குறைகிறது, 0.0157 மைக்ரோகிராம். சூத்திரம் மாறவில்லை. தட்டுக்கு உண்மையில் எவ்வளவு டிஎன்ஏ வந்தது என்ற கேள்விக்குத்தான் மறுபடியும் விடை சொல்கிறோம்.

திறன் சொல்லாத ஒன்றும் உண்டு. எத்தனை பாக்டீரியாவில் எத்தனை உருமாறின என்ற விகிதம் இந்த எண்ணில் இல்லை. அதை அறிய, உயிரோடிருந்த பாக்டீரியா மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். சாதாரண எல்பி தட்டில் அது படலமாக மூடிக்கிடப்பதால் எண்ண வழியில்லை. '132 பாக்டீரியா மட்டும் உருமாறின, மற்றவை உருமாறவில்லை' என்று சொல்லலாம். 'இத்தனை சதவீதம் உருமாறியது' என்று இந்த நான்கு தட்டுகளிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் டிஎன்ஏ பக்கத்திலிருந்து ஒரு கணக்குப் போட முடியும், அது வியப்பூட்டுவது. 5,371 கார இணை நீளமுள்ள பிளாஸ்மிட் 0.157 மைக்ரோகிராமில் சுமார் 2,700 கோடி இருக்கும். அதிலிருந்து 132 காலனி. அதாவது ஏறத்தாழ 20 கோடி பிளாஸ்மிடுகளுக்கு ஒரு காலனி. பெரும்பாலான டிஎன்ஏ எந்த பாக்டீரியாவுக்குள்ளும் போய்ச் சேரவில்லை.

அடுத்து விவாதத்துக்குப் போகும்போது மாணவர் தன் எண்ணை எதனுடனாவது ஒப்பிட வேண்டியிருக்கும். பி-குளோ கையேடு இந்த முறைக்குத் தரும் எல்லை மைக்ரோகிராமுக்கு 8.0 × 10² முதல் 7.0 × 10³ வரை. நம் எடுத்துக்காட்டுக் குழுவின் 8.0 × 10² அதன் கீழ் விளிம்பில் நிற்கிறது. ஏன் கீழ் விளிம்பு என்பதற்கு, குழாயைப் பனிக்கட்டியிலிருந்து வெந்நீருக்கு மாற்றத் தாமதமானதா, பாக்டீரியாவை எடுத்த தட்டு பழையதா என்று தேடலாம். தேறிக்கொள்ளும் நேரத்தையும் பார்க்க வேண்டும். 10 நிமிடத்தில், நொதியைப் போதுமான அளவு தயாரிக்க முடியாத சில பாக்டீரியா தட்டில் ஆம்பிசிலினைத் தாங்காமல் இறந்துவிடும். ஒரு மணி நேரம் விட்டிருந்தால் அவை பிழைத்திருக்கும். ஆனால் அதற்குள் சில இரண்டாகப் பிரிந்து, உருமாறிய ஒன்று இரண்டு காலனியாக எண்ணப்பட்டுவிடும்.

சிலர் கடைகளில் விற்கும் தயார்நிலைப் பாக்டீரியாவின் பெட்டியில் 10⁸ அல்லது 10⁹ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, தங்கள் 8.0 × 10² மிக மோசமானது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண்கள் தனி முறையில் தயாரித்த பாக்டீரியாவிலும், பிக்கோகிராம் அளவிலான மிகக் குறைந்த டிஎன்ஏவிலும் அளந்தவை. டிஎன்ஏவை ஏற்கத் தயாராக உள்ள பாக்டீரியாவின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் டிஎன்ஏவைக் கொட்டினால் காலனிகள் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஒரு மைக்ரோகிராமுக்கு என்று வகுக்கும்போது திறன் குறைந்தே தெரியும். பி-குளோ குழாயில் போவது 0.8 மைக்ரோகிராம், பிக்கோகிராம் கணக்கில் அது எட்டு லட்சம். ஆகவே திறனை எழுதும் வரியிலேயே, அது எவ்வளவு டிஎன்ஏவில், எந்த பாக்டீரியாவில், எந்த வெப்ப அதிர்ச்சி நேரத்தில் கிடைத்தது என்பதும் இருக்க வேண்டும்: 'குழாயில் 0.8 மைக்ரோகிராம் பி-குளோ சேர்த்து 42 டிகிரியில் 50 விநாடி வைத்த ஈ. கோலையில், இரண்டு தட்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட உருமாற்றத் திறன் மைக்ரோகிராமுக்கு 8.0 × 10².'